2.42 வந்தது, 2.3-ஐக் குறித்தாள்: உராய்வுள்ள சாய்தளமும் மோதலும் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மொரீஷியஸில் 13ஆம் வகுப்பு மாணவர்கள் ஆண்டு இறுதியில் கேம்பிரிட்ஜ் நடத்தும் எச்.எஸ்.சி. தேர்வை எழுதுகிறார்கள். இயற்பியலின் முதல் தாளில் 40 வினாக்கள், ஒன்றேகால் மணி நேரம், ஒவ்வொரு வினாவுக்கும் நான்கு விடைகள். ஒரு வினாவுக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடைக்காது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை என்பதால் எந்த மாணவரும் எதையும் காலியாக விடுவதில்லை. கணக்கில் வந்த எண் கொடுத்த விடைகளில் இல்லையென்றால், அதற்குப் பக்கத்தில் இருப்பதைக் குறித்துவிட்டு நகர்வது அங்கே சாதாரணம். இந்த ஆய்வின் வேர் அந்தப் பழக்கத்தில்தான் இருக்கிறது.

ரோஸ் ஹில் பகுதியில் சனிக்கிழமை காலைகளில் நான் ஒரு சிறு டியூஷன் வகுப்பு நடத்துகிறேன். பாடம் ஆங்கிலத்தில் இருக்கும், விளக்கம் பெரும்பாலும் கிரியோலில் நடக்கும். இங்கே குறிப்பிடும் மாணவியோடும் அவளுடைய பெரியப்பா மகனோடும் மட்டும் தமிழில் பேசுவேன். மாணவியின் தாயார் தமிழ்நாட்டிலிருந்து திருமணமாகி வந்தவர். வீட்டில் தமிழ்தான். அண்ணன், தங்கை இருவருமே எச்.எஸ்.சி. எழுதவிருந்தார்கள். இருவரும் கணக்கில் திறமையானவர்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். கீழே வரும் தடுமாற்றங்கள் கவனக் குறைவால் வந்தவை அல்ல.

வினா

ஒரு பயிற்சித் தாளில் இந்த வினாவைக் கொடுத்திருந்தேன். 0.80 கிலோகிராம் நிறையுள்ள கட்டை ஒன்று, கிடைத்தளத்தோடு 30 பாகை சாய்ந்த தளத்தில் ஓய்விலிருந்து 2.0 மீட்டர் வழுக்கி இறங்குகிறது. தளம் அதன் மீது 1.6 நியூட்டன் மாறாத உராய்வு விசையைச் செலுத்துகிறது. அடிவாரத்தில் ஒரு சிறு வளைவின் வழியே வழுவழுப்பான கிடைத்தளத்துக்கு வந்து, அங்கே ஓய்வில் இருக்கும் 0.40 கிலோகிராம் கட்டையில் மோதி ஒட்டிக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்து நகரும் வேகம் என்ன? கொடுத்த விடைகள் 2.3, 2.6, 2.8, 3.0 மீ/வி.

அந்தச் சிறு வளைவை வினாவில் எழுதியது அலங்காரத்துக்காக அல்ல. சாய்தளம் கிடைத்தளத்தைக் கூர்மையான மூலையாகச் சந்தித்தால் கட்டை அந்த மூலையில் முட்டும், கொஞ்சம் ஆற்றல் அங்கேயே போய்விடும். பல பயிற்சி நூல்கள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. மாணவர் கேட்டால் பதில் இருக்க வேண்டும் என்பதால் நான் எழுதிவிடுவேன்.

சரியான வழி இரண்டு கட்டங்களைக் கொண்டது. முதற்கட்டம் சாய்தளம். 30 பாகையில் 2.0 மீட்டர் வழுக்கினால் இறங்கும் உயரம் 1.0 மீட்டர். ஈர்ப்பு செய்யும் வேலை 0.80 × 9.81 × 1.0, அதாவது 7.85 ஜூல். உராய்வு எடுத்துக்கொள்வது 1.6 × 2.0, அதாவது 3.2 ஜூல். அடிவாரத்தில் மிஞ்சும் இயக்க ஆற்றல் 4.65 ஜூல். அதிலிருந்து வேகம் 3.41 மீ/வி. இரண்டாம் கட்டம் மோதல். இங்கே மாறாமல் இருப்பது உந்தம். 0.80 × 3.41 என்பதை மொத்த நிறையான 1.20-ஆல் வகுத்தால் 2.27. விடை 2.3.

மற்ற மூன்று எண்களும் குறிப்பிட்ட சறுக்கல்களிலிருந்து வந்தவை. உராய்வு விசையைச் சரிவின் நீளத்தால் பெருக்காமல் உயரத்தால் பெருக்கினால் 2.6 வரும். மோதலிலும் இயக்க ஆற்றல் அப்படியே இருக்கும் என்று கொண்டால் 2.8 வரும். உராய்வையே மறந்தால் 2.95 வரும், அதைச் சுருக்கினால் 3.0. ஈர்ப்பு முடுக்கத்துக்கு 9.81-க்குப் பதில் 10 போட்டவருக்கு 2.31 கிடைக்கும், அதுவும் 2.3-க்கே சுருங்கும். ஆகவே விடைகள் நெருக்கமாக இருந்தாலும் சுருக்குவதால் யாரும் இடம் மாற மாட்டார்கள். மாறினால் அதற்கு இயற்பியல் காரணம் இருக்கும் என்று நம்பித்தான் வினாவை அமைத்திருந்தேன்.

கவனித்தவை

அண்ணன் 2.8-ஐக் குறித்திருந்தான். காரணம் அவன் தாளிலேயே தெளிவாக இருந்தது. 4.65 ஜூல் வரை சரியாக வந்து, அதை அப்படியே 1.20 கிலோகிராம் கட்டைக்கு இயக்க ஆற்றலாகக் கொடுத்திருந்தான். "ஆற்றல் அழியாது சார், அதனால்தான்" என்றான். அந்தத் தவறு எதிர்பார்த்ததுதான்.

தங்கை 2.3-ஐக் குறித்திருந்தாள். மதிப்பெண் கொடுத்துவிட்டு அடுத்த தாளுக்குப் போயிருக்கலாம். ஆனால் வினாவின் ஓரத்தில், பென்சிலில், சின்னதாக 2.42 என்று எழுதி வட்டம் போட்டிருந்தாள். சரியான வழியில் போனவருக்கு 2.42 வரவே வராது. 9.81 போட்டால் 2.27, பத்து போட்டால் 2.31. இடையில் எங்கே சுருக்கினாலும் 2.4-க்கு மேலே ஏற வழியில்லை.

"இந்த 2.42 எங்கிருந்து வந்தது?" என்று கேட்டேன்.

"விடை 2.42 வந்தது சார். 2.3-க்கும் 2.6-க்கும் நடுவில் இருந்தது. 2.3 கொஞ்சம் பக்கம். அதைப் போட்டேன்."

வழியை மறுபடி எழுதச் சொன்னேன். அவள் தயங்காமல் இப்படி எழுதினாள்:

v² = 2gh − 2fL

அதில் 19.62-லிருந்து 6.4-ஐக் கழித்து 13.22 பெற்றாள். அதன் வர்க்கமூலம் 3.64. மோதலில் உந்தத்தைச் சரியாகவே பயன்படுத்தி, மூன்றில் இரண்டு பங்கு எடுத்து, 2.42. மோதல் பகுதியில் ஒரு குறையும் இல்லை. அண்ணன் தடுக்கி விழுந்த இடத்தை அவள் சுலபமாகத் தாண்டியிருந்தாள். கோளாறு சாய்தளத்தில் இருந்தது. உராய்வு உள்ள பகுதியை நிறையால் வகுக்கவில்லை. சரியான வரி இது:

v² = 2gh − 2fL/m

6.4-ஐ 0.80-ஆல் வகுத்தால் 8.0 வரும். 19.62-லிருந்து 8.0 போனால் 11.62. அதன் வர்க்கமூலம்தான் 3.41.

காரணத்தைத் தேடியது

"நிறை எங்கே போயிற்று?" என்று கேட்டபோது, "சரிவில் நிறை அடிபட்டுப் போய்விடும் சார்" என்றாள். இந்தப் பதிலை மறதி என்று தள்ளிவிட முடியவில்லை. அதில் ஓர் உறுதி இருந்தது. எங்கே படித்தாய் என்று கேட்டேன். தமிழ்நாட்டில் பிளஸ் டூ படித்த மாமா மகளின் குறிப்பேட்டை அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்திருந்தார். அடுத்த சனிக்கிழமை அதை எடுத்துவந்தாள். அழகான கையெழுத்து, ஒவ்வொரு தேற்றத்துக்கும் படம். அதில் சாய்தளப் பக்கத்தில் இந்த வரி பெட்டிக்குள் இருந்தது:

v² = 2gL(sin θ − μ cos θ)

இந்த வரி முற்றிலும் சரி. இதில் நிறை இல்லை, இருக்கவும் தேவையில்லை. உராய்வுக் குணகம் கொடுக்கப்பட்டால் உராய்வு விசை μmg cos θ. அந்த விசையே நிறைக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், ஈர்ப்புப் பகுதியிலும் உராய்வுப் பகுதியிலும் ஒரே m வந்து இரண்டிலுமிருந்து விலகுகிறது. இந்தியப் பாடத்தில் வினாக்கள் பெரும்பாலும் குணகத்தைக் கொடுத்தே வரும். அங்கே படிப்பவருக்கு நிறை அடிபடுவது நிரந்தர உண்மை போலவே பதிந்துவிடும்.

கேம்பிரிட்ஜின் இந்தப் பாடத்திட்டத்தில் உராய்வுக் குணகம் கேட்கப்படுவதில்லை. உராய்வு விசையை நேராக நியூட்டனில் கொடுத்துவிடுகிறார்கள். 1.6 நியூட்டன் என்று கொடுத்த கணமே, கட்டையின் நிறைக்கும் அந்த எண்ணுக்கும் இருந்த தொடர்பு வினாவுக்குள் மறைந்துவிடுகிறது. கனமான கட்டைக்கு 1.6 நியூட்டன் ஒரு பொருட்டே இல்லை. இலேசான கட்டையை அது இறங்கவே விடாமலும் செய்யலாம். ஆகவே நிறை விடையில் இருந்தே தீர வேண்டும். அவள் செய்தது, ஓரிடத்தில் நியாயமாக நடக்கும் அடிபடுதலை அது நடக்காத இடத்துக்குக் கொண்டுவந்தது. அரைகுறையாகப் படித்தவருக்கு இந்தத் தவறு வராது. ஒரு சூத்திரத்தை நன்றாகப் படித்தவருக்குத்தான் வரும்.

இது ஏன் முன்பே வெளிப்படவில்லை என்ற கேள்விக்கு வினாவின் எண்களே பதில் சொல்கின்றன. கட்டையின் நிறை 0.80. ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணால் வகுக்க மறந்தால் விடை அதிகம் நகராது. வர்க்கமூலம் எடுக்கும்போது வித்தியாசம் இன்னும் சுருங்குகிறது. 2.27 வர வேண்டிய இடத்தில் 2.42 வந்தது. நான்கு விடைகளில் அதற்கு அருகில் இருந்தது சரியான விடைதான். நிறை சரியாக 1.0 கிலோகிராமாக இருக்கும் வினாக்களில் இந்தத் தவறு கண்ணுக்கே தெரியாது. பயிற்சி நூல்களில் அந்த எண் எத்தனை பிடித்தமானது என்பது எல்லா ஆசிரியருக்கும் தெரியும்.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, விடைகளை மறைப்பது. இருவருக்கும் அடுத்த சில வாரங்கள் இதே வகை வினாக்களை நான்கு விடைகளும் இல்லாமல் கொடுத்தேன். கணக்கில் வந்த எண்ணை மூன்று இலக்கத்தில் எழுதிய பிறகுதான் விடைகள் உள்ள துண்டுத் தாளைக் காட்டுவேன். எழுதிய எண் சுருக்கிய பின் எந்த விடையோடும் பொருந்தவில்லை என்றால், பக்கத்தில் இருப்பதைக் குறிக்கக்கூடாது, வழியைத் திரும்பப் பார்க்க வேண்டும். விடைகள் இரண்டு இலக்கத்தில் இருக்கும்போது, சரியான வழியில் போனவரின் எண் ஒரு விடையில் நேராகப் போய் உட்காரும். உட்காரவில்லை என்பதே ஒரு செய்தி.

இரண்டாவது, தங்கைக்கு மட்டும். சூத்திரத்தில் தொடங்காமல் ஜூலில் தொடங்கச் சொன்னேன். ஈர்ப்பு கொடுத்தது இத்தனை ஜூல், உராய்வு எடுத்தது இத்தனை ஜூல், மிச்சம் இத்தனை ஜூல். நிறையை எங்கே விலக்குவது என்ற கேள்வியே அப்போது எழாது. அவளுடைய பழைய வரியைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொரு பகுதியின் அலகையும் கீழே எழுதச் சொன்னேன். 2gh-க்குக் கீழே மீட்டர் வர்க்கம் வகுத்தல் வினாடி வர்க்கம் வந்தது. 2fL-க்குக் கீழே நியூட்டன் மீட்டர் வந்தது. எழுதி முடித்துவிட்டு சிறிது நேரம் பார்த்தாள். "வேகத்திலிருந்து ஜூலைக் கழித்திருக்கிறேன்" என்று தானே சொன்னாள். வேக வர்க்கம் என்று திருத்தினேன், ஆனால் சாரத்தைப் பிடித்துவிட்டாள்.

குறிப்பேட்டைத் தள்ளிவைக்கச் சொல்லவில்லை. அதிலுள்ள பெட்டிக்குப் பக்கத்தில் "குணகம் கொடுத்தால் மட்டும்" என்று அவள் கையாலேயே எழுதச் சொன்னேன். நல்ல குறிப்பேடு அது. அதை ஒதுக்கினால் அவளுக்கு இழப்புத்தான்.

அண்ணனுக்கு வேறு வழி தேவைப்பட்டது. அவன் தாளில் சாய்தளத்துக்கும் மோதலுக்கும் நடுவே குறுக்கே ஒரு கோடு போடச் சொன்னேன். கோட்டுக்கு மேலே ஆற்றல், கீழே உந்தம். அவன் உடனே ஒரு நல்ல கேள்வி கேட்டான்: "உராய்வு இருந்தால் உந்தமும் குறையும் அல்லவா சார்? கீழேயும் தளம் சொரசொரப்பாக இருந்தால் என்ன செய்வது?" இதற்கு எண் போட்டுக் காட்டினேன். மோதல் நூறில் ஒரு வினாடி நீடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1.6 நியூட்டன் உராய்வு அந்த நேரத்தில் எடுத்துக்கொள்ளும் உந்தம் 0.016 நியூட்டன் வினாடி. கட்டை கொண்டுவந்த உந்தம் 2.73. நூறில் ஒரு பங்குகூட இல்லை. மோதும் நேரம் அத்தனை குறுகியது என்பதால்தான் உராய்வு இருந்தாலும் மோதலுக்குச் சற்று முன்னும் சற்றுப் பின்னும் உந்தம் மாறவில்லை என்று கொள்கிறோம். மெதுவாக, நீண்ட நேரம் அழுத்தும் மோதல் என்றால் இப்படிக் கொள்ள முடியாது.

அழியாத ஆற்றல் எங்கே போயிற்று என்பதையும் அவனே கணக்கிட்டான். மோதலுக்குப் பின் இயக்க ஆற்றல் 3.10 ஜூல். 1.55 ஜூல் வெப்பமாகவும் ஒலியாகவும் கட்டைகளின் உருக்குலைவாகவும் போயிருக்கிறது. அது முன்பு இருந்ததில் சரியாக மூன்றில் ஒரு பங்கு என்று கண்டுபிடித்து, 0.40-ஐ 1.20-ஆல் வகுத்தாலும் அதே பங்குதான் வருகிறது என்றான். ஓய்வில் இருக்கும் கட்டையோடு ஒட்டிக்கொள்ளும் எல்லா மோதலிலும் அப்படித்தான்.

சோதனை வினாவும் விளைவும்

தங்கையின் பழைய வழி உண்மையில் போய்விட்டதா என்று தெரிய, நிறை ஒன்றுக்கு வெகு தொலைவில் இருக்கும் வினா தேவைப்பட்டது. 0.25 கிலோகிராம் கட்டை, அதே 30 பாகைச் சரிவு, 1.5 மீட்டர் நீளம், 0.50 நியூட்டன் உராய்வு. மோதி ஒட்டிக்கொள்வது இன்னொரு 0.25 கிலோகிராம் கட்டையில். விடைகள் 1.5, 1.7, 1.8, 2.1. இங்கே நிறையை விட்டவருக்கு 1.82 வரும், அதற்கென்றே 1.8-ஐ வைத்திருந்தேன். 1.7 உயரத்தையும் நீளத்தையும் குழப்பியவருக்கு. 2.1 மோதலில் ஆற்றலை நம்பியவருக்கு.

அவள் 1.84 ஜூலிலிருந்து 0.75-ஐக் கழித்து 1.09 என்று எழுதினாள். வேகம் 2.95, ஒட்டிய பின் பாதி, 1.48. துண்டுத் தாளைப் பார்த்து 1.5-ஐக் குறித்தாள். ஓரத்தில் 0.25-ஐ அடிக்கோடிட்டு வைத்திருந்தாள், நான் சொல்லாமலே.

அண்ணனும் 1.5-ஐக் குறித்தான். ஆனால் பிறகு, இயக்க ஆற்றல் சிறிதும் குறையாத மீட்சி மோதல் பற்றிய வினா ஒன்று வந்தபோது புதிய சிக்கல் தலைகாட்டியது. 0.80 கிலோகிராம் கட்டை 3.41 மீ/வி வேகத்தில் வந்து 0.40 கிலோகிராம் கட்டையில் மீட்சியுடன் மோதிப் பிரிகிறது. இறுதி வேகங்கள் 1.14, 4.55 மீ/வி. அவன் அந்த விடையை ஏற்க மறுத்தான். "மோதலில் கொஞ்சமாவது ஆற்றல் போயிருக்க வேண்டும்" என்றான். ஒட்டும் மோதலில் கற்றதை எல்லா மோதலுக்கும் விரித்திருந்தான். நெருங்கும் வேகமும் விலகும் வேகமும் ஒன்றா என்று பார்க்கச் சொன்னேன். 4.55-லிருந்து 1.14 போனால் 3.41. அதைக் கண்ட பிறகு ஏற்றுக்கொண்டான், இருந்தாலும் மீட்சி மோதல்களில் அவன் அதன் பின்னும் தயங்கவே செய்தான்.

தங்கைக்கு வேறொரு விலை இருந்தது: நேரம். ஜூலாக எழுதிப் போவது சூத்திரத்தில் நேராக எண்ணைப் போடுவதைவிடத் தாமதமானது. முழு நேரத் தாள் ஒன்றை எழுதிப் பார்த்தபோது கடைசிச் சில வினாக்களை அவசரமாகக் குறிக்க வேண்டியிருந்தது. அதனால் ஜூல் வரிகளை இரண்டு பகுதிகள் கழிபடும் வினாக்களுக்கு மட்டும் வைத்துக்கொள்வதென்று இருவரும் பேசி முடிவு செய்தோம். உராய்வு இல்லாத சரிவுக்கு அவள் பழையபடியே 2gh-லிருந்து தொடங்குகிறாள், அங்கே நிறை உண்மையிலேயே அடிபடுகிறது.

இனி மாற்றுவது

சாய்தள வினாக்களை முதன்முதலாகக் கொடுக்கும்போதே நிறையை 0.25 அல்லது 3.0 கிலோகிராம் என்று வைக்கப்போகிறேன். ஒன்றுக்கு அருகிலுள்ள நிறைகள் பிறகு வரட்டும். நிறையை விட்டால் வரும் எண்ணை நான்கு விடைகளில் ஒன்றாக வைப்பதும் இனி கட்டாயம். முதல் வினாவில் அது இல்லாததால்தான் அந்தச் சறுக்கல் சரியான விடைக்குள் போய் ஒளிந்துகொள்ள இடம் கிடைத்தது.

வெளியிலிருந்து வந்த குறிப்பேடுகளைப் பயன்படுத்தும் மாணவர்களிடம் உராய்வை எப்படிக் கொடுத்துப் படித்தார்கள் என்று தொடக்கத்திலேயே கேட்டுவிடுவேன். குணகமா, நியூட்டனா என்ற ஒரு கேள்வி போதும். இது இரண்டு மாணவர்களிடம் கண்டது மட்டுமே. மற்றவர்களிடமும் இதே காரணம் இருக்கும் என்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது. உயரத்தால் பெருக்கும் தவறு எங்கள் வகுப்பில் வேறு சிலரிடம் வருகிறது, அதன் வேர் வேறாக இருக்கலாம்.

சரியான விடையைக் குறித்தவர்களின் தாளிலும் ஓர எண்ணைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். விடை எழுத்துக்குப் பக்கத்தில் மூன்று இலக்க எண் இல்லாத தாளைத் திருத்தாமல் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.